நாற்பது மெயில் தொடரை ஆய்வுக்கு அனுப்பும் முன்: கேள்வி பதில்

ஒரு ஆர்டர் தொடரில் 40 மெயில் இருக்கிறது. அப்படியே AI மாடலிடம் கொடுத்தால் பழைய விலையைச் சொல்கிறது. கடைசி ஐந்தை மட்டும் கொடுக்கலாமா?

எண்ணிக்கையில் கை வைக்கும் முன் மேற்கோளை, அதாவது பதிலோடு ஒட்டி வரும் பழைய மெயிலை, நீக்குங்கள். ஒவ்வொரு மெயிலிலும் புதிதாக 100 சொல் என்று வைப்போம். எல்லோரும் கீழே பழையதை முழுக்கச் சுமந்துகொண்டே பதில் எழுதினால், மொத்தம் 82,000 சொல் வரும். புதியது 4,000தான். முதல் மெயிலின் விலை 40 முறை வரும், திருத்திய விலை சில முறைதான். மேற்கோள் போன பிறகு, பெரும்பாலும் எந்த மெயிலையும் வெட்டவே வேண்டியிருக்காது.

`>` என்று தொடங்கும் வரிகளை எல்லாம் அழித்துவிடுகிறேன். அதோடு வேலை முடிந்ததே?

பாதி முடிந்தது. அவுட்லுக் பெரும்பாலும் `>` போடாது. `From:`, `Sent:`, `To:`, `Subject:` என்று ஒரு கட்டு வைத்துவிட்டுப் பழையதை ஒட்டிவிடும். ஜிமெயிலின் HTML-இல் `gmail_quote` என்ற class-ஐத் தேடுங்கள். `On ... wrote:` வரியை நம்பினால், அது இரண்டு வரியாக மடங்கும்போதும், அனுப்பியவர் வேறு மொழியில் ஜிமெயில் வைத்திருக்கும்போதும் தப்பிவிடும்.

இன்னொரு தொல்லை, கேள்விக்குக் கேள்வி நடுவிலேயே பதில் எழுதுபவர்கள்:

```
> டெலிவரி வியாழன் சரியா?
சரி.
> பழைய விலையே போடவா?
வேண்டாம்.
```

இதில் `>` வரிகள் போனால் மிஞ்சுவது "சரி. வேண்டாம்." மட்டும். மேற்கோளும் புதிய வரியும் மாறி மாறி வந்தால் அந்த மெயிலைத் தொடாமல் விடுங்கள்.

என் இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது. இதே முறையில் பழைய மெயில்களை அழித்தால் இடம் கிடைக்குமா?

ஐயோ, வேண்டாம். இங்கே வெட்டுவது ஆய்வுக்குப் போகும் நகலை மட்டும். அசலில் கை வைக்காதீர்கள்.

எங்கள் மேலாளர் "கீழே பார்க்கவும்" என்று மட்டும் எழுதி ஃபார்வர்டு செய்வார். மேற்கோளை நீக்கினால் ஒன்றுமே மிஞ்சவில்லை.

அந்த அசல் உங்களிடம் தனி மெயிலாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மெயிலைத் தொடர்ந்து வந்தது என்று சொல்லும் `In-Reply-To`, `References` தலைப்புகளில் உள்ள எண்கள் எல்லாமே, கையில் உள்ள மெயில்களின் `Message-ID` ஆக இருந்தால் மேற்கோள் போகலாம். இல்லையென்றால் உங்களிடம் உள்ள ஒரே பிரதி அதுதான், வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கோளை நீக்கியும் நீளம் குறையவில்லை. கடைசி ஐந்து என்று வைத்தேன், விலை முடிவானது ஏழாவது மெயிலில்!

கடைசி மெயிலில் தொடங்கி `In-Reply-To` வழியே மேலே ஏறிப் போங்கள். பக்கத்தில் கிளைத்த "நன்றி", "பார்த்தேன்" எல்லாம் தானாக விழுந்துவிடும். எது கடைசி என்பதற்கு `Date`-ஐ நம்பாதீர்கள், அது அனுப்பியவர் கணினியின் கடிகாரம். ஜிமெயில் API-இல் `internalDate` பாருங்கள்.

ஆனால் முடிவு அந்தப் பக்கக் கிளையிலேயே எடுக்கப்பட்டிருந்தால் இதுவும் தவறவிடும். நான் விலை, தேதி உள்ள மெயில்களைக் கிளை எதுவானாலும் சேர்த்துக்கொள்கிறேன். அப்போது பழைய விலையும் சேர்ந்து வந்துவிடுகிறது. நேரத்தைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் குழப்பம் குறைகிறது, முழுக்கப் போவதில்லை.