சிண்ட்ரெல்லா பருப்பு பொறுக்கியது எதற்கு?

கேள்வி: தேவதைக் கதைகளில் எதை எடுத்தாலும் மூன்று மூன்றாக வருகிறது, ஒரு கொடுமைக்கார மாற்றாந்தாய் வருகிறாள், விலங்குகள் பேசுகின்றன. ஏன் இப்படி? இவை ஒவ்வொன்றும் குழந்தைகளுக்கு என்னதான் கற்றுக்கொடுக்கின்றன?

பதில்:

இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க சிண்ட்ரெல்லா கதை போதும். ஆனால் நமக்குப் பழக்கமான பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் 1697-ல் பிரான்சில் ஷார்ல் பெரோ எழுதிய வடிவத்தில் இருந்து வந்தவை. அதில் விருந்து இரண்டே இரவுதான். நான் சொல்லப்போவது ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களுடைய வடிவம். 1812-ல் முதலில் அச்சிட்டு, 1857 வரை ஏழு பதிப்புகளில் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அதில் பூசணிக்காய் வண்டியும் இல்லை, மந்திரக்கோல் பிடித்த தேவதையும் இல்லை. அம்மாவின் சமாதியில் நட்ட ஒரு மரமும், அதில் வந்து உட்காரும் பறவைகளும்தான். கடைசிப் பதிப்பில் உள்ளபடியே கதையைச் சொல்கிறேன்.

அரண்மனையில் மூன்று நாள் திருவிழா. தானும் வருகிறேன் என்று அந்தப் பெண் கெஞ்சுகிறாள். மாற்றாந்தாய் ஒரு சட்டிப் பருப்பைச் சாம்பலில் கொட்டி, "இரண்டு மணி நேரத்தில் பொறுக்கி முடித்தால் வரலாம்" என்கிறாள். புறாக்களும் மற்ற பறவைகளும் வந்து உதவ, ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது. "உனக்கு உடுத்த நல்ல துணி இல்லை, ஆடவும் தெரியாது, முடியாது" என்று பதில் வருகிறது. அழுகிறாள். இந்த முறை இரண்டு சட்டிப் பருப்பு, ஒரு மணி நேரம் கெடு. அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறாள். அப்போதும், "என்ன செய்தாலும் பயனில்லை, உன்னைக் கூட்டிப்போனால் எங்களுக்குத்தான் அவமானம்" என்று சொல்லிவிட்டு மாற்றாந்தாய் தன் இரண்டு பெண்களோடு கிளம்பிவிடுகிறாள்.

இங்கே மூன்றாவது சட்டி வரும் என்று எல்லாரும் எதிர்பார்ப்போம். அது வருவதே இல்லை. அந்தப் பெண் மூன்றாம் முறை கேட்கவில்லை. நேராக அம்மாவின் சமாதிக்குப் போய், மரத்திடம் தங்கமும் வெள்ளியும் கேட்கிறாள். உடை வருகிறது, உடுத்திக்கொண்டு யாரிடமும் அனுமதி கேட்காமல் விருந்துக்குப் போகிறாள். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, இரண்டாவது சட்டி கொட்டப்பட்டதுமே ஒரு சிறுமி, "எத்தனை தடவை பொறுக்கினாலும் அவ விடமாட்டா" என்றாள். மூன்று என்ற கணக்கு செய்கிற வேலை இதுதான். ஒரு தடவை நடந்தால் அது வெறும் சம்பவம். இரண்டாவது தடவை அதே மாதிரி நடந்தால்தான் இது எந்தப் போக்கில் போகிறது என்பது பிடிபடும். மூன்றாவது இடத்தில் அந்தப் போக்கு உடையும். ஒரு போக்கைக் காட்டி உடைப்பதற்குக் குறைந்தபட்சம் மூன்று வேண்டும். நான்காவது இருந்தால் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் ஆக்செல் ஓல்ரிக் 1908-ல் வாய்மொழிக் கதைகளுக்குப் பொதுவான சில விதிகளை எழுதினார். மூன்று முறை திரும்ப வருவது அவற்றில் ஒன்று. அதோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொரு விதி, வரிசையில் கடைசியாக வருவதன் மேல்தான் கதையின் பாரம் விழும் என்பது. திருவிழாவின் மூன்று இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு அவள் புறாக்கூட்டுக்குள் ஏறித் தப்பிக்கிறாள். இரண்டாம் இரவு பேரிமரத்தில் ஏறித் தப்பிக்கிறாள். மூன்றாம் இரவுக்குள் இளவரசன் பாடம் கற்றுக்கொண்டுவிட்டான், படிக்கட்டு முழுக்கத் தார் பூசி வைக்கிறான். இடது கால் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. விடாமுயற்சி செய்தால் மூன்றாவது தடவை ஜெயிக்கலாம் என்பதுதான் இதன் பாடம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததால் இந்தக் கதையில் யாரும் ஜெயிக்கவில்லை. மூன்றாம் தடவை வழியை மாற்றியவர்களுக்குத்தான் காரியம் நடக்கிறது, அவளுக்கும் சரி, அவனுக்கும் சரி. விதி வைக்கிறவர் அந்த விதியைத் தானே மதிக்காதபோது, அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

அப்புறம் மாற்றாந்தாய். அந்தக் கால ஐரோப்பாவில் பிரசவத்தில் பெண்கள் இறப்பது சாதாரணம். பிள்ளைகளோடு நிற்கும் ஆண் சீக்கிரமே மறுமணம் செய்துகொள்வான். முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்கும் சோற்றிலும் சொத்திலும் போட்டி வரும். சிண்ட்ரெல்லாவில் அது அப்படியே இருக்கிறது. யாருடைய பெண்ணுக்கு இளவரசன் கிடைப்பான் என்பதுதான் அந்த வீட்டின் சண்டையே.

ஆனால் கதைப் புத்தகங்களில் இத்தனை மாற்றாந்தாய்கள் குவிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஹேன்சலையும் கிரேட்டலையும் பஞ்சத்தில் காட்டில் விடச் சொன்னவளும் முதலில் சொந்த அம்மாதான். 1840 பதிப்பில் மாற்றிவிட்டார்கள். முதல் பதிப்பு நீண்ட குறிப்புகளோடு படித்தவர்களை நோக்கி வந்தது. பிறகு குடும்பங்கள் குழந்தைகளுக்காக வாங்க ஆரம்பித்தன, 1825-ல் ஐம்பது கதைகள் மட்டும் கொண்ட சிறிய பதிப்பு ஒன்றும் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு கதைகளைச் செதுக்கியவர் பெரும்பாலும் தம்பி வில்ஹெல்ம். பெற்ற தாயை வில்லியாக விடக் கைவராமல் அந்தப் பழியை வேறொருத்தி தலையில் கட்டினார் என்றுதான் நான் படிக்கிறேன்.

இதைக் குழந்தை எப்படி எடுத்துக்கொள்கிறது? புருனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் 1976-ல் ஒரு விளக்கம் சொன்னார். கோபித்துக்கொள்ளும் அம்மாவும் அணைத்துக்கொள்ளும் அம்மாவும் ஒருத்திதான் என்பதைச் சின்னப் பிள்ளையால் தாங்க முடியாது. அதனால் கதை அவளை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. செத்துப்போன நல்ல அம்மாவின் மேல் பாசம் அப்படியே இருக்கும், கோபத்தை மாற்றாந்தாய் மேல் காட்டிக்கொள்ளலாம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த விளக்கம் ஒரு ஆளைச் சுத்தமாகத் தப்பவிடுகிறது. சிண்ட்ரெல்லாவின் அப்பா கதை முழுக்க உயிரோடுதான் இருக்கிறார்! முதல் இரவு இளவரசன் வந்து புறாக்கூட்டைக் காட்டும்போது, 'ஒருவேளை நம் பெண்ணாக இருக்குமோ' என்று அவருக்கே தோன்றுகிறது. அப்படித் தோன்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்போடு இளவரசன் வீட்டுக்கு வந்து வேறு பெண் உண்டா என்று கேட்கும்போது, "செத்துப்போன என் பெண்டாட்டியின் வளர்ச்சியில்லாத ஒரு பெண்தான் இருக்கிறாள், அவள் மணப்பெண்ணாக இருக்க வழியில்லை" என்கிறார். தன் மகள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதனால் இந்தக் கதையைச் சொல்லும்போது, "அப்பா அப்போ எங்கே இருந்தார்?" என்று இடையில் ஒரு கேள்வி போட்டுவிடுவேன். கொடுமை செய்கிறவர் ஒருவர், பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இன்னொருவர் என்பதைப் பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். கேட்கிற குழந்தைக்கே மாற்றாந்தாய் இருக்கிறாள் என்று தெரிந்தால், நான் அந்தப் பாத்திரத்தை 'அந்த வீட்டு அம்மா' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். கதைக்கு ஒன்றும் ஆகாது. 1812-ல் ஹேன்சல் கதை அப்படித்தான் இருந்தது.

பேசும் விலங்குகள் விஷயத்தில் பலரும் பஞ்சதந்திரத்தையும் தேவதைக் கதையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பஞ்சதந்திரத்துச் சிங்கமும் நரியும் விலங்குத் தோல் போர்த்திய ராஜாவும் மந்திரியும்தான். தேவதைக் கதையில் விலங்கு விலங்காகவே இருக்கும், அதன் உலகமும் மனிதனின் உலகமும் ஓரிடத்தில் உரசும், அவ்வளவுதான். புறா பேசினால் யாரும் மயக்கம் போட்டு விழுவதில்லை. சுவிட்சர்லாந்தின் மக்ஸ் லூத்தி 1947-ல் இதைத்தான் தேவதைக் கதையின் அடையாளமாகச் சொன்னார், அதில் அற்புதத்தைக் கண்டு யாரும் வியப்பதில்லை.

சிண்ட்ரெல்லாவின் புறாக்கள் பேசும் முக்கியமான இடம் செருப்புக் காட்சி. மூத்தவள் கட்டைவிரலை வெட்டிக்கொண்டு செருப்பைப் போடுகிறாள். "ராணியான பிறகு நடக்க வேண்டியதே இல்லை" என்று கத்தியை நீட்டுகிறவள் அம்மா. இளையவள் குதிகாலை வெட்டிக்கொள்கிறாள். மூன்று இரவு கூடவே ஆடிய இளவரசனுக்கு முகம் தெரியவில்லை, இரண்டு பேரையும் குதிரையில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். செருப்பில் ரத்தம் இருக்கிறது என்று மரத்திலிருந்து புறாக்கள் சொன்ன பிறகுதான் குனிந்து பார்க்கிறான். பெரியவர்கள் பார்க்கத் தவறியதைச் சின்ன உயிர் சொல்கிறது. தன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று நினைக்கும் குழந்தைக்கு இந்த இடம் தித்திப்பாக இருக்கும்.

விலங்குக் கதைகள் அன்பு காட்டச் சொல்கின்றன என்பது சரிதான், ஆனால் அந்த அன்புக்கு விலை உண்டு. அதே தொகுப்பில் 'வெள்ளைப் பாம்பு' என்று ஒரு கதை. பாம்புக் கறியில் ஒரு துண்டு தின்ற வேலைக்காரனுக்கு விலங்குகளின் பேச்சு புரிய ஆரம்பிக்கிறது. நாணலில் சிக்கிய மூன்று மீன்களைத் தண்ணீரில் விடுகிறான். குதிரைக் குளம்பால் செத்துப்போகிறோம் என்று புலம்பும் எறும்புகளுக்காக வழியை மாற்றிப் போகிறான். கூட்டிலிருந்து தள்ளப்பட்ட காக்கைக் குஞ்சுகள் பசியில் கத்த, தன் குதிரையையே வெட்டி இரையாகப் போடுகிறான். பிறகு மூன்று சோதனைகளில் அவைதான் அவனைக் காப்பாற்றுகின்றன. மீன்கள் கடலில் எறிந்த மோதிரத்தைக் கொண்டுவருகின்றன, எறும்புகள் புல்லில் கொட்டிய பத்து மூட்டைத் தினையை விடிவதற்குள் பொறுக்கி மூட்டை கட்டுகின்றன, காக்கைகள் உலகின் எல்லையில் இருக்கும் உயிர்மரத்து ஆப்பிளைக் கொண்டுவருகின்றன.

இந்தக் கதையில் எல்லா விலங்கும் பேசுகிறது, குதிரை மட்டும் பேசவில்லை. "பாவம், குதிரை என்ன தப்பு பண்ணுச்சு?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். கதையில் அதற்குப் பதில் இல்லை. நானும் ஒரு பதிலைக் கட்டிவிடுவதில்லை, "நீ சொல்லு" என்று திருப்பிவிடுவேன்.

கடைசியாக, புத்தகம் வாங்குவதாக இருந்தால் ஒன்று. சிண்ட்ரெல்லாவின் அக்காக்களுடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் முடிவு 1812-ல் இல்லை, 1819-ல் சேர்த்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் சுருக்கப் பதிப்புகள் இடம் மிச்சம் பிடிக்க இரண்டாவது சட்டிப் பருப்பையும் வெட்டிவிடுகின்றன. அப்படிப்பட்ட புத்தகத்தைக் கையில் எடுத்தால், அந்தச் சட்டியை நீங்களே வாயால் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.