வானொலிச் செய்தியைச் சுருக்கும்போது யார் சொன்னது என்பதை எப்படித் தவறவிடாமல் எழுதுவது?

"கொழும்பில் அலுவலகத்துக்காகக் காலை வானொலிச் செய்திப் பதிவைச் சுருக்கித் தருகிறேன். யார் எதைச் சொன்னார் என்பது குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?"

தலைப்புச் செய்திகளை வைத்து எழுதாதீர்கள். அங்கே சொன்னவர் பெயர் பெரும்பாலும் விடுபடும். விரிவான பகுதியைக் கேட்டு, தகவலோடு சொன்னவரையும் பதிவின் நிமிடத்தையும் குறியுங்கள்.

மழைக்காலச் செய்தி ஒன்றை எடுங்கள். மழை எதிர்வுகூறல் வளிமண்டலவியல் திணைக்களத்துடையது. மண்சரிவு எச்சரிக்கை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. பாதிக்கப்பட்டோர் தொகை அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடையது. வாசிப்பவர் ஒரே மூச்சில் சொல்வதால் மூன்றும் ஒருவர் கணக்கில் போய்விடும். அதனால் ஒரு வரிக்கு ஒருவர்தான். தொகைக்குப் பக்கத்தில் "காலை 6 மணி வரை" என்பது போல நேரமும் வேண்டும், மதியத்துக்குள் அது மாறிவிடலாம்.

சொன்னவர் யாரென்று பதிவில் இல்லையா? சரி, "குறிப்பிடப்படவில்லை" என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.