கோலை அம்மா எடுத்தவ

கேள்வி: ஒரு சஞ்சிகைக்கு வெளியில் இருந்து எழுதிக் கொடுக்கிறேன். பனாட்டுப் பற்றி 1800 சொல்லில் கட்டுரை கேட்டவை. நல்லூர்த் திருவிழாவோட ஓடித் திரிஞ்சதில கெடு போய் ஒரு கிழமை. ஆசிரியர் கோல் எடுக்க, அம்மா கதைச்சு நான் கொழும்புக்குப் போயிட்டன் எண்டு சொல்லிவிட்டவ. மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எப்படி எழுதலாம் அக்கா?
– கோண்டாவில் வாசகர்

பதில்: தம்பி, திருவிழாக் கதையை விடும். கொடியேற்றம், தேர் எல்லாம் கலண்டரில் முதலே கிடக்கு. ஆசிரியர் வீட்டிலும் அதே கலண்டர்தான் தொங்கும்.

எனக்குத் தைத்தது அந்தக் கோல். போன் தானாக அம்மாவின் கைக்குப் போகவில்லை, நீர்தான் நீட்டினீர். எழுதிச் சம்பாதிக்கிற வயதில் உமக்காகப் பொய் சொல்ல அம்மாவை விட்டிருக்கிறீர். பெற்றவவின் வாயை இப்படிச் செலவழிக்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்காது. அவவிடம் முதலில் மன்னிப்புக் கேளும். மின்னஞ்சலில் இனிக் காய்ச்சல், கரண்ட் இல்லை என்று எதை எழுதினாலும் அந்தக் கொழும்புப் பயணத்துக்கு முட்டுக் கொடுக்கத்தான் வேண்டிவரும். அதனால் பொய்யை அங்கேயே உடையும், ஒரே வரியில்.

மற்றது, ஆசிரியருக்கு உம்முடைய கவலை தேவையில்லை. பக்கத்தை வைத்திருப்பதா, வேறு கட்டுரை போடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். கையில் என்ன இருக்கு, என்ன குறை, எப்போது வரும் என்பதைத்தான் அவர் தேடுவார். 'விரைவில் தருகிறேன்' என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

திகதியை ஆசையில் போடாமல் வேலையை எண்ணிப் போடும். 1200 சொல் எழுதியாயிற்று, பனாட்டுப் போடுகிற ஆச்சியின் பேட்டி மட்டும் மிச்சம் என்று வையும். செவ்வாய் பேட்டி, புதன் எழுத்து, வியாழன் திருத்தம். வியாழன் முடியும் என்றாலும் வெள்ளி என்றே சொல்லும்; மழை பெய்தால் பனங்களி காயப்போடுகிற பாயை ஆச்சி விரிக்க மாட்டா. இரண்டாம் முறை பிந்தினால் பிறகு உம்மிடம் கட்டுரை கேட்கமாட்டார்.

தலைப்பு வரியிலேயே 'பனாட்டுக் கட்டுரை: 1200 சொல் இணைப்பில், மீதி வெள்ளி காலை 10 மணி' என்று போடும். பிறகு:

"வணக்கம். கட்டுரை ஒரு கிழமை பிந்தியது என் தவறு, மன்னிக்கவும். நீங்கள் அழைத்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். பேசப் பயந்து அம்மாவைப் பேசவைத்தேன். எழுதிய 1200 சொல்லையும் படங்களையும் இணைத்திருக்கிறேன், பக்க வடிவமைப்பைத் தொடங்கலாம். பேட்டி சேர்ந்த முழுக் கட்டுரை வெள்ளி காலை 10 மணிக்கு வரும். பேட்டி கிடைக்காவிட்டால் புதன் மாலையே அறிவிப்பேன். அப்போது 1200 சொல்லோடு முடித்துத் தருகிறேன். அடுத்த இதழுக்குத் தள்ளுவதானாலும் சம்மதம்."

அவ்வளவுதான். பணத்தைப் பற்றி இதில் மூச்சு விடாதேயும்.

அனுப்பினதும் போனைப் பக்கத்தில் வைத்திரும். அவர் எடுத்தால், முதல் மணியிலேயே நீர் எடும்.