குறைமாதக் குழந்தையின் குடல்: பச்சை நிறம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்

கேள்வி: 28 வாரத்தில் பிறந்த என் மகனுக்கு எடை 1,100 கிராம். 9 நாளாக என்.ஐ.சி.யு.வில் இருக்கிறான். டியூபில் இரண்டு மணிக்கொருமுறை 4 மில்லி பால். எனக்கு ஒரு நாளைக்கு 70 மில்லிதான் சுரக்கிறது, அதுவும் தண்ணீராக. பவுடர் பால் சேர்க்கச் சொல்லலாமா? நேற்று டியூபில் கொஞ்சம் பால் திரும்பி வந்தது. குடல் அழுகிவிடும் என்று நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

பதில்: 4 மில்லி வீதம் 12 வேளைக்கு 48 மில்லி. உங்களிடம் 70 இருக்கிறது. இன்றைக்குப் பற்றாக்குறையே இல்லை. பால் தண்ணீராகத் தெரிவதும் இயல்புதான்.

ஆனால் இன்னும் சில நாளில் அவனுக்குச் சுமார் 165 மில்லி தேவைப்படும். அதனால் இரவில் ஒரு முறையும் சேர்த்து, நாளுக்கு எட்டு முறையாவது பாலைப் பீய்ச்சி எடுங்கள். அப்படியும் போதவில்லை என்றால், தாய்ப்பால் வங்கியில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பவுடர் கடைசிப் பட்சம்தான். 1990இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், பவுடர் பால் மட்டுமே குடித்த குறைமாதக் குழந்தைகளுக்கு நீங்கள் பயப்படும் அந்தக் குடல் அழற்சி நோய், தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தையின் குடல் சுவர் இன்னும் முதிரவில்லை, கிருமிகள் எளிதில் உள்ளே புகும். தாய்ப்பாலிலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் அந்தச் சுவரின்மேல் பூச்சுபோலப் படிகின்றன. அதிலுள்ள சில சர்க்கரைகள் குழந்தைக்குச் செரிப்பதில்லை, நல்ல பாக்டீரியாக்களுக்குத்தான் தீனி. எடை ஏறுவதற்காக உங்கள் பாலிலேயே ஊட்டச்சத்துப் பொடி கலந்தால் பயப்படாதீர்கள், அது வேறு விஷயம்.

தாய்ப்பால் ஆபத்தைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. ஒருவேளை நோய் வந்தாலும் அது உங்கள் குற்றமல்ல.

டியூபில் வெள்ளையாகக் கொஞ்சம் பால் திரும்பியதை விட்டுவிடுங்கள். பச்சையாக வந்தால்தான் கவலை, அது பித்தநீர். அப்படி வந்தாலோ, வயிறு பளபளவென்று உப்பி இறுகினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, துவண்டுபோய் அடிக்கடி மூச்சை நிறுத்தினாலோ அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த நோய் பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கு மேல்தான் வரும், அதுவும் பால் நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது. அதனால் அடுத்த சில வாரம் டயப்பர் மாற்றும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள்.

சந்தேகம் வந்தால் பாலை நிறுத்திவிட்டு வயிற்றை எக்ஸ்ரே எடுப்பார்கள். குடல் சுவருக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால் நோய் உறுதி. பால் இல்லாமல் ஆன்டிபயாடிக்கும் நரம்பு வழி ஊட்டமும் ஓடும். பல குழந்தைகள் இதிலேயே தேறிவிடும். குடல் ஓட்டையானால் ஆபரேஷன்தான். நீங்கள் நெட்டில் படித்தது அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியது.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் கிரைப் வாட்டர், தேன், உரை மருந்து என்று யாராவது கையில் எடுத்தால் பிடுங்கி வையுங்கள். அசிடிட்டி சொட்டு மருந்தையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்று அமிலம் குறைந்தால் கிருமிக்குத்தான் வசதி.