காணொளியை நீக்காதீர்கள், செய்யும் வேலைகளின் வரிசைதான் முக்கியம்

கேள்வி: என் யூடியூப் சேனலில் நேற்று வெளியிட்ட காணொளிக்கு ஒரே இரவில் நூற்றுக்கணக்கான டிஸ்லைக்குகளும் கேவலமான கருத்துகளும் வந்து குவிந்திருக்கின்றன. எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வந்ததுபோல் தெரிகிறது. காணொளியை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம். 2023இல் நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். நீக்கினால் பார்வைகளும், பார்த்த நேரமும், நியாயமாகக் கருத்து எழுதியவர்களின் சொற்களும் சேர்ந்தே போய்விடும். மீண்டும் ஏற்றினால் வந்த கூட்டம் புதிய இணைப்பையும் பகிர்ந்துகொண்டு மீண்டும் வரும். இரண்டாம் முறை, உங்களை அசைக்க முடியும் என்று தெரிந்துகொண்டே வருவார்கள்.

நான் உள்ளூர்க் கல்வெட்டுகளைப் பற்றிய சிறிய சேனல் ஒன்றை நடத்துகிறேன். ஓர் ஏரி மதகைப் பழுதுபார்த்தவரின் கொடையைச் சொல்லும் கல்வெட்டைப் பற்றிப் பேசினேன். கொடையாளியின் சாதி அந்தக் கல்வெட்டில் இல்லை என்று ஒரு வரி சொன்னேன். அவரைத் தங்கள் முன்னோர் என்று கொண்டாடும் சிலருக்கு அந்த வரி பொறுக்கவில்லை. வழக்கமாக என் காணொளிக்கு நான்கைந்து டிஸ்லைக்குகள் வரும். அன்று மாலைக்குள் அறுநூறைத் தாண்டிவிட்டது. பார்வைகளோ ஆயிரத்தைக்கூட எட்டவில்லை.

அந்த விகிதமே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. காணொளியைப் பார்த்து வெறுப்பவர்கள் கொஞ்ச நேரமாவது பார்த்திருப்பார்கள். இவர்கள் சராசரியாக அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மீதிப் பதில் மறுநாள் கிடைத்தது. YouTube Studioவின் Analytics பகுதியில் பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற விவரம் இருக்கிறது. உடனே வராது, சற்றுத் தாமதமாகும். என் வழக்கமான பார்வையாளர்கள் தேடல் வழியாகவும் பரிந்துரை வழியாகவும் வருபவர்கள். அன்று பெரும்பகுதி External என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அதைத் திறந்தால் வாட்ஸ்அப் என்று காட்டியது. யாரோ குழுக்களில் இணைப்பைப் போட்டிருக்கிறார்கள். கருத்துகளிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு, பதினேழு பேர் பெயரில் இருந்தது. உங்கள் சேனலிலும் முதலில் இதைப் பாருங்கள். வந்தவர்கள் உங்கள் பழைய பார்வையாளர்களாகவே இருந்தால், அது தாக்குதல் அல்ல, நீங்கள் செவிசாய்க்க வேண்டிய கோபம்.

டிஸ்லைக்குகளைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. யார் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக நீக்கவும் முடியாது. ஆனால் 2021 நவம்பர் முதல் அந்த எண்ணிக்கை பொதுமக்களுக்குத் தெரிவதில்லை, உங்களுக்கு மட்டுமே தெரியும். இப்படிப்பட்ட கூட்டுத் தாக்குதல்களைக் காரணம் காட்டித்தான் யூடியூப் அதை மறைத்தது. "பார், இத்தனை ஆயிரம் டிஸ்லைக்" என்று யாராவது படம் எடுத்துப் போட்டால், அது பிரவுசர் நீட்சி ஒன்று தன் பயனர்களைக் கொண்டு போட்ட மதிப்பீடாகத்தான் பெரும்பாலும் இருக்கும். என் காணொளி முதல் வாரம் மந்தமாகவே இருந்தது. அதன்பின் தேடி வருபவர்கள் வழக்கம்போல வந்தார்கள்.

காயம் கருத்துகளில்தான் இருக்கிறது, வேலையும் அங்கேதான். நான் செய்த முதல் தவறு, கண்ணில் பட்டதையெல்லாம் ஆத்திரத்தில் அழித்தது. அதில் என் வீட்டுத் தெருவின் பெயரைச் சொல்லி மிரட்டிய கருத்தும் போய்விட்டது. பிறகு புகார் எழுத உட்கார்ந்தபோது கையில் சான்று எதுவும் இல்லை. ஆகவே முதலில் படம் எடுத்து வையுங்கள். கருத்துக்கு மேலே பெயரை அடுத்து, எப்போது எழுதப்பட்டது என்று காட்டும் இடத்தைச் சொடுக்கினால், அந்தக் கருத்துக்கே உரிய முகவரி கிடைக்கும். அதில் `&lc=` என்ற பகுதி இருக்கும். அந்த முகவரி, எழுதியவரின் சேனல் முகவரி, தேதி மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அடுத்து வாசலை மூடுங்கள். அந்த ஒரு காணொளியின் அமைப்பில் கருத்துகளை Hold all என்று மாற்றினால், புதிதாக வருபவை எதுவும் உங்கள் அனுமதியின்றி வெளியே தெரியாது. எழுதியவை Held for review பகுதியில் 60 நாள் வரை காத்திருக்கும். Pause என்ற வழியும் உண்டு, ஆனால் அது நல்லவர்களையும் எழுதவிடாது. நான் முதலாவதையே தேர்ந்தெடுத்தேன். ஏற்கெனவே வெளியே தெரிபவற்றை இந்த மாற்றம் தொடாது. அவற்றை நீங்களே நீக்க வேண்டும். கெட்ட சொற்களின் பட்டியலைச் சேர்த்து வடிகட்டலாம் என்றால், தமிழில் அது எளிதல்ல. ஒரே வசைச்சொல்லைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகவும், நடுவில் புள்ளி வைத்தும் எழுதுகிறார்கள். என் பட்டியல் நாற்பது சொற்களைத் தாண்டியும் பாதி நழுவியது. ஒருவரை Hide user from channel செய்வது அதைவிடப் பயன்பட்டது. அவருக்கு அது தெரியாது; தான் எழுதுவது எல்லோருக்கும் தெரிகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். தடுக்கப்பட்டது தெரிந்தால் வேறு கணக்கில் வருவார்களே, அந்த வேகம் இதனால் குறைகிறது.

சாதி, மதம், பாலினம் ஆகியவற்றை வைத்து இழிவு செய்வது யூடியூபின் வெறுப்புப் பேச்சு விதிகளுக்கு எதிரானது. அந்த விதியில் சாதி என்ற சொல்லே இடம்பெற்றிருக்கிறது. எனவே அத்தகையவற்றை நீக்கும் முன் அந்தப் பிரிவில் புகார் செய்யுங்கள். பத்துப் பேரைவிட்டு ஒரே கருத்தைப் புகார் செய்யச் சொல்வதில் பொருளில்லை. எண்ணிக்கையைப் பார்த்துத் தானாக நீக்கப்படுவதில்லை. கொலை மிரட்டல், வீட்டு முகவரி, உங்கள் முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படம் என்று வந்தால் யூடியூபில் புகார் செய்வதோடு நிற்காதீர்கள். நீங்கள் இந்தியாவில் இருந்தால் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் போங்கள். முன்பு சொன்ன தாள் அங்கே தேவைப்படும்.

நிறுத்திவைத்த கருத்துகளை நீங்களே படிக்காதீர்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன். இரண்டு இரவு நான் படித்தேன், மூன்றாம் நாள் கேமரா முன் உட்காரவே முடியவில்லை. என் தங்கைதான் "அண்ணா, அந்த வேலையை என்னிடம் கொடு" என்று வாங்கிக்கொண்டாள். மிரட்டல், வசை, உண்மையான கேள்வி என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதை மட்டும் எனக்குக் காட்டினாள்.

அந்த மூன்றாவது குவியலில் நான்கு கருத்துகள் இருந்தன. அவற்றில் ஒன்று என் பிழையைச் சரியாகப் பிடித்திருந்தது. கல்வெட்டில் இருந்தது சக ஆண்டு 1402. நான் அதைக் கிறித்தவ ஆண்டாகவே சொல்லிவிட்டேன். 78ஐக் கூட்டி 1480 என்று சொல்லியிருக்க வேண்டும். எழுதியவர் கோபமாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் சொன்னது சரி. அவருடைய கருத்தை அனுமதித்து, திருத்தத்தை நானே ஒரு கருத்தாக எழுதி மேலே பொருத்தி வைத்தேன். வசைபாடியவர்கள் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை, பதில் காணொளியும் போடவில்லை. போட்டிருந்தால் அதன் இணைப்பும் அதே குழுக்களுக்குப் போயிருக்கும்.

ஒன்பதாம் நாளிலிருந்து நிறுத்திவைத்த பகுதிக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் கருத்துப் பகுதியைப் பழையபடி திறந்தேன். முதலில் வந்து எழுதியவர் அதே ஊர்க்காரர். அந்த மதகு இப்போது எங்கே புதைந்திருக்கிறது என்று வழி சொல்லியிருந்தார்.