ஸ்மார்ட் மோதிரம்: வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: புதிதாக ஒரு ஸ்மார்ட் மோதிரம் வந்திருக்கிறது. தூக்கம், நாடித்துடிப்பு எல்லாம் சொல்லுமாம். நண்பர் முதல் நாளே வாங்கிவிட்டார், என்னையும் வாங்கச் சொல்கிறார். பார்த்த வீடியோக்களும் புகழ்கின்றன. எனக்கு ஏன் இன்னும் தயக்கம்?

அந்த நண்பர் இதற்கு முன் முதல் நாளே வாங்கிய பொருட்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பாதி மேஜை இழுப்பறையில் இருக்கும். அவரைக் கேட்டால் "அதுவும் நல்ல அனுபவம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வாங்குவது அனுபவத்தை, நீங்கள் வாங்க நினைப்பது மோதிரத்தை.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. புதுமை எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ், 1962-இல் மக்களை வரிசைப்படுத்தினார். முதல் 2.5 சதவீதம் புதுமைப் பித்தர்கள், அடுத்த 13.5 சதவீதம் முந்திக்கொள்பவர்கள். அதற்குப் பிறகுதான் 34, 34 என்று இரண்டு பெருங்கூட்டம், கடைசியில் 16. (ஒவ்வொரு பொருளுக்கும் தலை எண்ணிக் கிடைத்த விகிதம் இல்லை இது. மணி வடிவ வளைவை அளவு வைத்து வெட்டியதில் வந்த எண்கள். விற்பனைக்காரர்கள் இதை வேதம் போலச் சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள்.) 1991-இல் ஜெஃப்ரி மூர் என்ற ஆலோசகர், தொழில்நுட்பப் பொருட்களில் அந்த முதல் 16 சதவீதத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, பல பொருட்கள் அதில் விழுந்து காணாமல் போகின்றன என்றார். ரோஜர்ஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கூட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றம் படிப்படியானதுதான் என்றார். வாங்குகிறவன் என்ற முறையில் நான் மூர் பக்கம். அந்தப் பள்ளத்தில் என் பணமும் கிடக்கிறது.

உங்கள் மோதிரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை அது போனுடன் சேர மறுக்கிறது. உங்கள் நண்பர் புளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கி, செயலியை அழித்து, மீண்டும் நிறுவி, சார்ஜரில் வைத்து எடுத்து, முக்கால் மணி நேரத்தில் சரிசெய்துவிட்டு, அதை எப்படிச் செய்தார் என்று நாலு பேருக்கு மகிழ்ச்சியோடு சொல்வார். நீங்கள் இரண்டு தடவை முயல்வீர்கள், மூன்றாம் நாள் கழற்றி வைப்பீர்கள். ஒரே பழுதுதான். அவர் வாயில் அது கதை, உங்கள் கையில் நஷ்டம். அதனால்தான் அவருடைய பாராட்டு உங்களுக்குச் சாட்சி ஆகாது.

முதல் வார விமர்சனங்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம். மோதிரத்துக்குள் இருப்பது இருபது மில்லிஆம்பியர்-மணி அளவிலான குட்டி பேட்டரி. அதைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், திறந்து மாற்ற வழியில்லை. புதிதில் ஐந்தாறு நாள் தாங்குவது, ஒன்றிரண்டு ஆண்டில் மூன்று, இரண்டு என்று இறங்கும். ஏழே நாள் அணிந்தவருக்கு இது எப்படித் தெரியும்? மாதச் சந்தா கட்டாவிட்டால் எந்தெந்தத் தகவல் மறையும் என்பதும் இலவசக் காலம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. என்னிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. அதன் சார்ஜர் வேறு எதற்கும் பொருந்தாத வகை. பதினாலாம் மாதம் கம்பி அறுந்தது, மாற்று எங்கும் கிடைக்கவில்லை. நல்ல கடிகாரம், இன்று வரை பழுதில்லை. ஓடத்தான் இல்லை.

கேள்வி: நகை மோதிர அளவையே கொடுத்து ஆர்டர் செய்தேன். மாலையில் இறுக்குகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

அளவு பார்க்க பிளாஸ்டிக் மாதிரி வளையங்கள் இருக்கின்றன என்று ஆர்டர் பக்கத்திலேயே எழுதியிருந்திருக்கும். அதை ஒரு பகல், ஓர் இரவு போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. ஊசி குத்தாமலே அளவு காட்டும் மோதிரம் என்று ஒருவர் விற்றார். அம்மா அதை நம்பி மாத்திரையைக் குறைத்துக்கொண்டார்.

முதலில் மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள், இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். பணம் அதற்கு அப்புறம். தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மோதிரம் தோலுக்குள் ஒளி பாய்ச்சித் திரும்பி வருவதைப் பார்க்கிறது. அதில் நாடித்துடிப்பு ஓரளவு நன்றாகத் தெரியும். சர்க்கரை என்று திரையில் வரும் எண் வெறும் ஊகம்.

உங்கள் அம்மாவைத் திட்டாதீர்கள். தினமும் விரலில் குத்திக்கொள்பவருக்கு அந்த விளம்பரம் எவ்வளவு இனித்திருக்கும்! விளம்பரப் படம், பெட்டியின் படம், பணம் கட்டிய சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பணம் அட்டை வழியாகப் போயிருந்தால் வங்கியிடம் ஆட்சேபம் எழுதுங்கள்.

கேள்வி: பொறுத்து வாங்குவது என்றால் எவ்வளவு நாள்? எதை வைத்து முடிவு செய்வது?

நாட்காட்டியை விடுங்கள், மக்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். "இது என்னென்ன செய்யும்?" என்றே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தால் பொருள் இன்னும் பித்தர்கள் கையில்தான் இருக்கிறது. "பேட்டரி போனால் மாற்றித் தருவார்களா?", "போன் மாற்றினால் பழைய பதிவுகள் வருமா?" என்று கேட்கத் தொடங்கி, அதற்கு ஏற்கெனவே வாங்கியவர்களே பதில் சொல்லும்போது அது பள்ளத்தைத் தாண்டுகிறது. பழைய பொருள் விற்கும் இடத்தையும் எட்டிப் பாருங்கள். "இரண்டே வாரம் பயன்படுத்தியது" என்று வரிசையாக விற்பனைக்கு வந்தால் வாங்கியவர்கள் கழற்றிவிட்டார்கள் என்று பொருள்.

இன்னொன்று, நிறுவனத்தின் சர்வர் இல்லாவிட்டால் பொருள் எவ்வளவு வேலை செய்யும் என்று பாருங்கள். வீட்டு விளக்குகளை இயக்கும் ரிவால்வ் என்ற பெட்டியைச் செய்த நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தினார்கள். பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் அன்றோடு அது வெறும் பெட்டி. முந்திக்கொண்டவர்கள் தான் மாட்டினார்கள்.

கேள்வி: எதையும் கடைசியில்தான் வாங்குவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

ரோஜர்ஸுக்கு முன்பே, 1943-இல் ரயன், கிராஸ் என்ற இருவர் அமெரிக்காவின் அயோவாவில் 259 விவசாயிகளைப் பார்த்து, கலப்பின மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று எழுதினார்கள். விதையைப் பற்றிப் பலர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம். பலரை நட முடிவு செய்ய வைத்தது பக்கத்து நிலத்துக்காரர். கேள்விப்பட்டதிலிருந்து ஏற்றுக்கொள்ளும் வரை சராசரியாக ஒன்பது ஆண்டுகள் ஆயின. முதலில் நட்டவர்கள்கூட நிலம் முழுக்க நடவில்லை, ஒரு மூலையில் நட்டுத்தான் பார்த்தார்கள்.

கேலி செய்கிறவர்கள் வீட்டில் பழைய கைக்கடிகாரச் சார்ஜர் ஏதாவது கிடந்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.