பாலக்கோடு வாசகியின் கார்டில் ஏறிக்கொண்டே போகும் பாக்கி

கேள்வி: நான் பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு கிரெடிட் கார்டில் ஒரு போன் வாங்கினேன். அதன் பிறகு அந்தக் கார்டை வெளியே எடுத்ததே இல்லை. மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணமும் தானாகப் போய்விடுகிறது. ஆனாலும் போன மாத பில் 38,882 ரூபாய் காட்டுகிறது. ஓசூரில் படிக்கும் அக்கா மகன்தான் இதையெல்லாம் செய்து கொடுத்தான். யாரோ திருடுகிறார்கள் என்கிறார் கணவர். இஎம்ஐ ஆக மாற்றிக்கொள்ளச் சொல்லி வங்கியிலிருந்து தினமும் போன் வருகிறது. தபால் நிலைய ஆர்.டி.யில் 40 மாதமாக மாதம் 2,000 கட்டி வருகிறேன், அதைத் தொட மனமில்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் திருட்டு எதுவும் இல்லை. அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் என்றோ ஒரு நாள் உங்கள் போனுக்கு ஓடிபி வந்திருக்கிறது. அதை நீங்கள் சொல்லியும் இருக்கிறீர்கள். "ஒரு ரூபாய்தான் சித்தி, ஒரு மாதம் இலவசம்" என்று அக்கா மகன் கேட்டபோது கொடுத்த ஓடிபி அந்த ஒரு ரூபாய்க்கு மட்டுமானதன்று. அடுத்தடுத்த மாதங்களுக்கும் சேர்த்து நீங்கள் கொடுத்த ஒப்புதல் அது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படிப் பதிவான சந்தாக்களுக்கு முதல் முறை மட்டும் ஓடிபி கேட்டால் போதும்; பிறகு 15,000 ரூபாய் வரையிலான ஒவ்வொரு பிடித்தமும் கேட்காமலேயே நடக்கும். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தகவல்கள் உங்களுக்கும் வந்திருக்கும், நகைக்கடை விளம்பரங்களுக்கும் லோன் அழைப்புகளுக்கும் நடுவே ஆங்கிலத்தில்.

ஸ்டேட்மென்ட்டில் ஆறு சந்தாக்கள் இருக்கின்றன. படம் பார்க்கும் செயலிகள் இரண்டு (299, 149), பாட்டுக்கு 119, உடற்பயிற்சிச் செயலிக்கு 199, மகளின் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு 499, போட்டோ சேமிப்பிடத்துக்கு 130. கூட்டினால் 1,395 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்ததும் அக்கா மகனைத் திட்டத் தோன்றும், கொஞ்சம் பொறுங்கள். சந்தா மட்டும் இந்தப் பாக்கியை உண்டாக்கவில்லை. மாதாமாதம் தானாகப் போவதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பணம், பில்லின் முழுத் தொகையன்று. 'மினிமம் ட்யூ' எனப்படும் குறைந்தபட்சத் தொகை, அதாவது உங்கள் கார்டில் பில்லில் 5 சதவீதம். கார்டு வாங்கிய அன்று படிவத்தில் யாரோ அந்தக் கட்டத்தில் டிக் செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து 'பணம் கட்டப்பட்டது' என்ற செய்தி வந்துகொண்டே இருந்ததால், ஸ்டேட்மென்ட்டைத் திறக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு ஏற்படவே இல்லை. கேடு செய்த பழக்கம் இந்த ஒன்றுதான்.

போன மாதக் கணக்கை மட்டும் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முந்தைய மாதத்திலிருந்து வந்த பாக்கி சுமார் 36,000. மாதம் 3.5 சதவீத வட்டி 1,260 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 227 ரூபாய். சந்தாக்கள் 1,395. ஆக ஒரே மாதத்தில் சேர்ந்தது 2,882, பில் 38,882. அதில் 5 சதவீதமாக உங்கள் கணக்கிலிருந்து போனது 1,944 ரூபாய். சேர்ந்தது 2,882, போனது 1,944. எனவே நீங்கள் பணம் கட்டிய பிறகும் கடன் 938 ரூபாய் கூடியிருக்கிறது.

இதே கணக்கிலிருந்து சந்தாக்களை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். வட்டியும் வரியும் சேர்ந்து 1,487 கூடும். குறைந்தபட்சத் தொகையாக 1,874 போகும். கடன் 387 ரூபாய் இறங்கும். ஆமை வேகம்தான், ஆனாலும் இறக்கம். போன் வாங்கிய கடன் இறங்க வேண்டிய இடத்தில் ஏறியதற்கு இந்த 1,395 ரூபாய்தான் காரணம். நூறு, இருநூறாகத் தனித்தனியே வந்ததால் அது கண்ணில் படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பில்லை முழுவதுமாகக் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் உண்டு. பாக்கி வைத்திருப்பவருக்கு, புதிதாகப் பிடிக்கப்படும் 119 ரூபாய்க்கும் பிடித்த நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் கணவர் மண்டிச் சீட்டில் கமிஷனையும் கூலியையும் வரி வரியாகச் சரிபார்ப்பவர். அவரிடம் இந்த ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்திருந்தால் இரண்டாவது மாதமே கேட்டிருப்பார்.

இனி நிறுத்தும் வேலை. செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், நிற்காது. ஆண்ட்ராய்டு போனில் Play Store-ஐத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதனுள் Subscriptions என்று போனால் அந்தக் கணக்கில் ஓடும் சந்தாக்கள் தெரியும். 'அந்தக் கணக்கில்' என்பதைக் கவனியுங்கள். 299, 119, 199 ஆகிய மூன்றும் உங்கள் போனில் தெரியாது; கார்டு உங்களுடையது, ஆனால் கணக்கு அக்கா மகனுடையது. அவன் தன் போனிலிருந்துதான் ரத்து செய்ய வேண்டும். ஸ்டோர் வழியாக அல்லாமல் நேரடியாக எடுத்த சந்தாவாக இருந்தால், அந்தச் சேவையின் தளத்திலேயே உள்ளே நுழைந்து ரத்து செய்ய வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் சேவையின் பெயருக்குப் பதிலாக ஸ்டோரின் பெயரோ, இடையில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் பெயரோ இருக்கும் என்பதால், பெயரைக் கொண்டு தேடாமல் தொகையையும் தேதியையும் கொண்டு தேடினால் எளிதில் பிடிபடும்.

அங்கே ரத்து செய்த பிறகு, வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ கார்டு பகுதிக்குள் சென்று, இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற தலைப்பில் உள்ள ஒப்புதல்களையும் நீக்குங்கள். எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெற வசதி தர வேண்டியது வங்கியின் கடமை. அக்கா மகன் நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளினாலும் இந்த இரண்டாவது வழியால் உங்கள் கார்டைக் காப்பாற்றிவிடலாம். இத்தனைக்கும் பிறகு ஒரு பிடித்தம் வந்தால், ஒப்புதலை நீக்கியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். ஏற்கெனவே போன சந்தாப் பணம் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

போட்டோ சேமிப்பிடத்தை அவசரப்பட்டு ரத்து செய்ய வேண்டாம். இலவச அளவுக்கு மேல் படங்கள் இருந்தால் புதியவை சேமிக்கப்படுவது நின்றுவிடும். மின்னஞ்சல் வருவதுகூடத் தடைபடலாம். முதலில் படங்களை ஒரு பென்டிரைவில் இறக்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். 499 ரூபாய் ஸ்போக்கன் இங்கிலீஷை மகள் கடைசியாக எப்போது திறந்தாள் என்று அவளிடமே கேளுங்கள். சந்தாக்களைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் புதுச் செயலிகளை இந்த வேலைக்காக இறக்கிவிடாதீர்கள். உங்கள் குறுஞ்செய்திகளையெல்லாம் படிக்க அனுமதி கேட்டு, கடைசியில் தானும் ஒரு சந்தாவைக் கேட்கும் செயலிகள் அவற்றில் உண்டு. ஆறு வரிகளைப் படிக்க ஒரு பேனா போதும்.

அடுத்தது பாக்கியைத் தீர்ப்பது. போனில் அழைக்கும் அந்த ஊழியர் சொல்லும் இஎம்ஐ மாற்றத்தில் வட்டி சற்றுக் குறையலாம்; ஆனால் நடைமுறைக் கட்டணம், வட்டியின் மேல் ஜிஎஸ்டி எல்லாம் வழக்கம்போல் இருக்கும், கார்டும் புதுச் செலவுக்குத் திறந்தே இருக்கும். உங்களிடம் அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆர்.டி.யைத் தொட மனமில்லை என்கிறீர்கள். தொட வேண்டாம், அதன் மேல் கடன் வாங்குங்கள். தபால் நிலைய ஆர்.டி.யில் 12 தவணை கட்டி முடித்து, கணக்கு ஓராண்டாவது நடப்பில் இருந்தால், இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். 40 மாதத்தில் நீங்கள் கட்டியது 80,000. அதில் பாதி 40,000. உங்கள் பில்லுக்குச் சரியாகப் போதும். அதற்கு வட்டி, உங்கள் ஆர்.டி.யின் வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். எப்படிப் பார்த்தாலும் ஆண்டுக்கு ஒன்பதைத் தாண்டாது. கார்டிலோ ஆண்டுக்கு 42 சதவீதம், ஜிஎஸ்டியோடு ஐம்பதைத் தொடுகிறது.

ஆர்.டி. முடிய இன்னும் 20 மாதம் இருக்கிறது. கடனை 18 தவணையாகக் கட்டினால் மாதம் ஏறக்குறைய 2,320 ரூபாய் வரும். இப்போது கார்டுக்குப் போகும் 1,944 ரூபாயைவிட நானூறுக்கும் குறைவாகவே கூடுதல். பதினெட்டு மாதத்துக்கும் சேர்த்து மொத்த வட்டி மூவாயிரத்துக்குள் அடங்கிவிடும். கார்டில் இரண்டே மாதத்தில் அவ்வளவு வட்டி போகிறது. பாஸ்புக்கையும் அடையாள ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு, அடுத்த பில் தேதிக்கு முன்பே தபால் நிலையத்துக்குப் போங்கள், ஆர்.டி. தவணைகள் எதுவும் விடுபடவில்லை என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டின் முழுத் தொகையையும் கட்டிய பிறகு வரும் முதல் பில்லில் சில நூறு ரூபாய் வட்டி இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். போன பில் தேதியிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரையிலான வட்டி அது. அதையும் முழுவதுமாகக் கட்டிவிட்டு, அன்றைக்கே தானியங்கிக் கட்டணத்தை 'மினிமம் ட்யூ' என்பதிலிருந்து 'டோட்டல் ட்யூ' என்று மாற்றுங்கள். அப்போது பில் பெரிதானால் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே உறைக்கும்.

அக்கா மகனிடம் சண்டை வேண்டாம். மூன்று சந்தாவும் அவனுக்கு வேண்டுமென்றால் அவனுடைய யுபிஐ-யில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாதம் 617 ரூபாய் தன் பையிலிருந்து போகும்போது உடற்பயிற்சிச் செயலியை அவனே நிறுத்திவிடுவான் என்பது என் கணிப்பு. அடுத்த முறை அவன் ஓடிபி கேட்டால், அந்தக் குறுஞ்செய்தியை முழுவதும் உரக்கப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு எண்ணைச் சொல்லலாமா என்று யோசியுங்கள்.